கர்சர் துள்ளுவதும் எழுத்து விழாமல் போவதும்: லேப்டாப் டச்பேட், டச்ஸ்கிரீன், கீபோர்டு கோளாறுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

கர்சர் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிறது. யாரும் தொடாத ஸ்கிரீனில் ஏதேதோ திறந்து மூடுகிறது. நேற்று வரை அடித்த நாலைந்து எழுத்துகள் இன்று விழவில்லை. இந்த மூன்று புகார்களுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "வைரஸா இருக்கும், ஃபார்மட் போட்டுப் பாருங்க." ஃபார்மட் போட்டால் அரை நாள் போகும், கோளாறு அப்படியே இருக்கும். ஏனென்றால் இவற்றில் பெரும்பாலானவை விண்டோஸுக்கு வெளியே, விரலுக்கும் கம்பிகளுக்கும் நடுவே நடக்கும் விஷயங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டச்பேடும் டச்ஸ்கிரீனும் அளவுக் கருவிகள். கீபோர்டோ வெறும் சுவிட்சுகளின் கூட்டம். அளவுக் கருவி கெட்டால் தப்பாக அளக்கும், இல்லாததை இருப்பதாகச் சொல்லும். சுவிட்ச் கெட்டால் ஒன்று வேலை செய்யாது, அல்லது விடாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டையும் சோதிக்கும் முறையும் வேறு வேறு.

## டச்பேட் எதை அளக்கிறது?

மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒன்றும் இல்லாதபோது இருக்கும் நிலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. தட்டில் ஏற்கெனவே ஏதோ ஒட்டியிருக்கும்போது பூஜ்யம் வைத்தால் கணக்கு முழுக்கத் தப்பாகும். மின்விசிறிக் காற்று தட்டில் பட்டால், பொருளே வைக்காமல் எண்கள் ஆடும். தராசு பழுதாகவில்லை, அதைச் சுற்றியுள்ள நிலைமை அதை ஏமாற்றுகிறது.

டச்பேடின் வழவழப்பான பரப்புக்கு அடியிலும், டச்ஸ்கிரீனின் கண்ணாடிக்கு அடியிலும் நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்லிய மின்கோடுகள் வலைபோல ஓடுகின்றன. இரண்டு கோடுகள் குறுக்கிடும் ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சம் மின்னூட்டம் தங்கும். எவ்வளவு தங்கும் என்பதற்குப் பெயர் மின்தேக்குத்திறன். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் அருகில் வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் சற்றே மாறுகிறது. மாற்றம் ஒரு பிக்கோஃபாரடுக்கும் குறைவு. ஃபாரட் என்ற அலகை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் பிக்கோஃபாரட். இவ்வளவு சிறிய மாற்றத்தை நொடிக்குச் சுமார் நூறு முறை அளந்து, விரல் எந்த நெடுக்குக் கோட்டில், எந்தக் குறுக்குக் கோட்டில் இருக்கிறது என்று சொல்லும் சில்லுக்குப் பெயர் டச் கன்ட்ரோலர்.

தராசைப் போலவே கன்ட்ரோலரும் லேப்டாப் உயிர்பெறும்போது 'யாரும் தொடாத நிலை இது' என்று ஓர் அளவைப் பதிந்துகொள்கிறது. இதை அடிப்படை அளவு என்று வைத்துக்கொள்வோம். வெப்பமும் ஈரமும் மாறமாற அந்த அளவைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளவும் செய்யும். உள்ளங்கையை டச்பேடின் மேல் வைத்தபடி லேப்டாப்பை எழுப்பினாலோ, பரப்பில் ஈரம் இருக்கும்போது ஆன் செய்தாலோ இந்த அடிப்படை அளவே தப்பாகப் பதிந்துவிடலாம்.

ஆகவே முதல் வைத்தியம் எளிமையானது. பரப்பை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், கையை எடுத்துவிடுங்கள், பிறகு Restart கொடுங்கள். Shut down செய்து மறுபடி ஆன் செய்வது இதற்குப் போதாமல் போகலாம். விண்டோஸில் Fast startup என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், Shut down கொடுக்கும்போது சிஸ்டத்தின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு மறுமுறை அப்படியே திரும்ப எழுப்பப்படும். Restart-தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அதிலும் தீரவில்லையென்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் யூஎஸ்பியில் செருகியவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் உள்ளே தேங்கிய மின்னூட்டம் இதில் வடிந்து, கன்ட்ரோலரும் புதிதாகத் தொடங்கும்.

இதுவரை: டச் என்பது அழுத்தமல்ல, மின்னூட்ட அளவு. அந்த அளவை ஏமாற்றும் எதுவும் இல்லாத தொடுதலை உண்டாக்கும். அப்படி ஏமாற்றுபவை எவை என்பதுதான் இனி.

## சார்ஜரைச் செருகினால் மட்டும் துள்ளுகிறதா?

நம் ஊரில் டச்பேட் துள்ளலுக்கு அடிக்கடி காரணமாக இருப்பதும், கடைகளில் அதிகம் கேட்கப்படாததும் இந்தக் கேள்விதான். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் பத்து நிமிடம் வேலை செய்து பாருங்கள். துள்ளல் நின்றுபோனால் டச்பேடை மாற்ற வேண்டியதில்லை. டிரைவரையும் தொட வேண்டியதில்லை. தேட வேண்டிய இடம் சார்ஜரும் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டும்.

காரணம் இது. சார்ஜரின் உள்ளே 230 வோல்ட் மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி விடப்பட்டு, 19 அல்லது 20 வோல்ட்டாக இறக்கப்படுகிறது. அப்போது கிளம்பும் மின் இரைச்சலை அடக்க, சிறு மின்தேக்கிகளை வேண்டுமென்றே அதில் வைத்திருப்பார்கள். அந்த இரைச்சல் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லையென்றால் அதற்குப் போக்கிடம் இல்லை. லேப்டாப்பின் உலோக உடம்பே தரையிலிருந்து பார்த்தால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி வரை மிதந்துகொண்டு ஆடும். கடத்தப்படும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஷாக் அடிக்காது; ஆனால் புறங்கையால் தடவினால் மெல்லிய அதிர்வுபோல, சொரசொரப்பாகத் தெரியும். வெறுங்காலுடன் தரையில் நிற்கும்போது இது கூடுதலாகத் தெரியும்.

இந்த நிலையில் நீங்கள் டச்பேடில் விரல் வைக்கிறீர்கள். உங்கள் உடம்பு தரையோடு நிற்கிறது, லேப்டாப் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள அந்த ஆட்டம் விரல் வழியாக நேரே அளவுக் கோடுகளுக்குள் புகுகிறது. கன்ட்ரோலர் அளப்பதோ ஒரு பிக்கோஃபாரடுக்கும் குறைவான மாற்றத்தை. ஆகவே விரல் இருக்கும் இடம் அதற்கு இங்கும் அங்கும் மாறிமாறித் தெரிகிறது, கர்சர் துள்ளுகிறது, ஒரு விரல் இரண்டு விரலாகத் தெரிந்து பக்கம் தானாக உருள்கிறது.

இதில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. சார்ஜர் இரைச்சல் விரல் வழியாகத்தான் உள்ளே வருகிறது என்பதால், கோளாறு பெரும்பாலும் விரல் வைத்திருக்கும்போது மட்டும் வரும். கையை எடுத்துவிட்டால் கர்சர் அமைதியாக நிற்கும். அதேபோல, இன்னொரு கையின் மணிக்கட்டு லேப்டாப்பின் உலோகப் பகுதியில் படிந்திருக்கும்போது துள்ளல் குறையும். அப்போது உங்கள் உடம்பும் லேப்டாப்பும் சேர்ந்தே ஆடுவதால் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. இந்த இரண்டும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

### ஒரு வீட்டில் இதைக் கண்டுபிடிக்கும் விதம்

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் சரியாக இருக்கும் லேப்டாப் வீட்டு மேஜையில் மட்டும் துள்ளுகிறது. சார்ஜரில் மூன்று பின் பிளக். சுவரில் இருப்பது பழைய இரண்டு துளை பாயின்ட் என்பதால், நடுவே ஒரு டூ பின் கன்வெர்ட்டர் செருகப்பட்டிருக்கிறது. மூன்றில் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதுதான் எர்த் பின். கன்வெர்ட்டர் அதை எங்கும் இணைக்காமல் அப்படியே விட்டுவிடும். எல்லாம் சரியாகச் செருகியிருப்பதுபோலத் தெரியும், சார்ஜும் ஏறும், ஆனால் எர்த் இல்லை.

முதலில் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கிறோம்: துள்ளல் இல்லை. அடுத்து அதே சார்ஜரைச் சமையலறையில் மிக்ஸிக்கோ, ஃபிரிட்ஜுக்கோ போட்டிருக்கும் மூன்று துளை பாயின்ட்டில் நேராகச் செருகுகிறோம்: துள்ளல் இல்லை. சார்ஜர் நன்றாக இருக்கிறது, மேஜைக்குப் பக்கத்துப் பாயின்ட்டில் எர்த் இல்லை என்பது முடிவாகிவிட்டது. சமையலறைப் பாயின்ட்டிலும் துள்ளினால் இரண்டு வாய்ப்புகள்: வீட்டுக்கே எர்த் சரியில்லை, அல்லது சார்ஜர் மட்டமானது. அதே மாடலுக்கான இன்னொரு அசல் சார்ஜரை அதே பாயின்ட்டில் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

எர்த்தைச் சோதிப்பதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் காட்டுகிறது என்றால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறத்தாழ அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. மூன்று துளை இருக்கிறது என்பதாலேயே உள்ளே எர்த் கம்பி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய வீடுகளில் துளை மட்டும் இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. எர்த் பின்னை உடைத்தோ, கம்பியை நியூட்ரலோடு சேர்த்தோ 'சரிசெய்யும்' வழக்கம் உயிருக்கே ஆபத்து.

சில லேப்டாப்களுக்கு வரும் சார்ஜரே இரண்டு பின்தான், குறிப்பாகச் சிறிய டைப்-சி சார்ஜர்கள். அவற்றுக்கு எர்த் கிடையாது. இரைச்சலை உள்ளேயே அடக்கும்படி தரமாகச் செய்திருக்க வேண்டும். அங்கே தீர்வு நல்ல சார்ஜர் மட்டும்தான். தொடும்போது மெல்லிய அதிர்வாக இல்லாமல் சுருக்கென்று அடித்தால் அந்தச் சார்ஜரை உடனே கழற்றி ஒதுக்கிவிடுங்கள்.

இதுவரை: பேட்டரியில் சரி, சார்ஜரில் துள்ளல், அதுவும் விரல் வைத்தால் மட்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் எர்த் அல்லது சார்ஜர்.

## யாரும் தொடாமலே தொடுகிறதா?

கையை எடுத்த பிறகும் ஸ்கிரீன் தானாக இயங்கினால் அதுதான் உண்மையான கோஸ்ட் டச்: விரல் இல்லாத இடத்தில் விரல் இருப்பதாகக் கன்ட்ரோலர் சொல்வது. டச்ஸ்கிரீன் லேப்டாப்களில்தான் இது அதிகம். இது எங்கே நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இடம்தான் காரணத்தைச் சொல்லும்.

அதற்கு Paint போதும். அதைத் திறந்து ஸ்கிரீன் முழுக்கப் பெரிதாக்கி, தூரிகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். கோஸ்ட் டச் விழுந்த இடமெல்லாம் புள்ளியும் கோடுமாகப் பதிந்திருக்கும். எல்லாம் ஒரே நெடுக்கு அல்லது குறுக்குப் பட்டையில் இருந்தால், அந்தப் பட்டையில் ஓடும் அளவுக் கோட்டில் பிரச்சினை: கண்ணுக்குத் தெரியாத கீறல், விளிம்பில் சட்டம் அழுத்துவது, உள்ளே போன ஈரம் இவற்றில் ஒன்று. ஒரு மூலையில் மட்டும் கொத்தாக இருந்தால், அங்கே ஒட்டிய ஸ்கிரீன் புரொட்டெக்டரின் விளிம்பையும் சட்டத்துக்கு இடையே சேர்ந்த தூசியையும் பாருங்கள். பரப்பெங்கும் சிதறியிருந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தொல்லை தொடங்கியோ நின்றோ போனால், கீல் வழியாக ஸ்கிரீனுக்குப் போகும் கேபிள் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது.

டச்சை நிறுத்திப் பார்ப்பது அடுத்த படி. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து Device Manager-ஐத் திறக்கவும். Human Interface Devices என்ற தலைப்பை விரித்து, HID-compliant touch screen என்பதில் ரைட் கிளிக் செய்து Disable device கொடுக்கவும். கோஸ்ட் டச் மவுஸையே ஓட விடாமல் குறுக்கிட்டால், `Win + X` அழுத்திவிட்டு `M` அழுத்தினாலும் Device Manager திறக்கும். பிறகு அம்புக்குறி கீகளால் நகரலாம். இப்போது தொல்லை நின்றுவிட்டால் டச் அடுக்குதான் குற்றவாளி என்பது உறுதி. கண்ணாடியை மாற்றும் செலவு வேண்டாம் என்று நினைப்பவர்கள் இப்படியே விட்டுவிட்டு மவுஸோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். நிற்கவில்லையென்றால் டச்பேடையோ வெளி மவுஸையோ அடுத்துப் பார்க்க வேண்டும்.

டைப் அடிக்கும்போது மட்டும் கர்சர் வேறு வரிக்குத் தாவுவது கோஸ்ட் டச் அல்ல. கட்டைவிரலின் அடிப்பகுதி டச்பேடில் உரசுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-இல் Settings, Bluetooth & devices, Touchpad, Taps என்று போய் Touchpad sensitivity-ஐ Low sensitivity ஆக்கினால் பெரும்பாலும் தீரும்.

### பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்

டச்பேட் விஷயத்தில் தவறவே விடக்கூடாத காரணம் ஒன்று உண்டு. பல லேப்டாப்களில் டச்பேடுக்கு நேர் அடியில்தான் பேட்டரி இருக்கிறது. லித்தியம் பேட்டரி வயதானாலோ, சூட்டிலேயே கிடந்தாலோ அதன் உள்ளே வாயு உண்டாகி, தட்டையான பை உப்பத் தொடங்கும். அது டச்பேடைக் கீழிருந்து மேலே தள்ளும். முதலில் டச்பேட் கிளிக் ஆகச் சிரமப்படும், பிறகு தானாகக் கிளிக் ஆகும், கடைசியில் ஒரு விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி எழும்பும்.

பார்ப்பது எளிது. லேப்டாப்பை அணைத்து மட்டமான மேஜையில் வைத்து, ஒரு மூலையை மெல்லத் தொடுங்கள். ஆடினால் அடிப்பகுதி புடைத்திருக்கலாம். டச்பேடின் குறுக்கே ஒரு ஏடிஎம் கார்டை நிமிர்த்தி வைத்து, அதன் அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நடுவில் கார்டு முட்டி, இரு ஓரமும் வெளிச்சம் தெரிந்தால் டச்பேட் மேல்நோக்கி வளைந்திருக்கிறது.

அப்படியிருந்தால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், மறுபடி செருக வேண்டாம். எழும்பிய இடத்தை அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. பை கிழிந்தால் தீப்பிடிக்கும். ஊசியால் குத்தி 'காற்றை எடுப்பது' அதைவிட மோசம். துணி, காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, விரைவில் சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் அங்கேயே கொடுத்துவிடுங்கள். புதுப் பேட்டரி போட்டதும் டச்பேட் பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். டச்பேடை மட்டும் மாற்றி பேட்டரியை விட்டுவைத்தால் புது டச்பேடும் வளையும்.

## கீபோர்டில் நடப்பது வேறு

லேப்டாப் கீயை அழுத்தும்போது அடியில் இருக்கும் சிறு ரப்பர் குமிழ் அமுங்குகிறது. அதற்கும் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி மையால் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும்; நடுத் தாளில் ஒவ்வொரு கீக்கும் ஒரு துளை. அமுக்கினால் துளை வழியாக மேல் கோடு கீழ்க் கோட்டைத் தொடும், விட்டால் பிரியும். இந்த மூன்று தாள் அமைப்புக்கு மெம்பிரேன் என்று பெயர்.

எண்பது, நூறு கீகளுக்கும் தனித்தனியாகக் கம்பி இழுப்பதில்லை. உதாரணமாக 8 கோடுகள் ஒரு பக்கம், 16 கோடுகள் இன்னொரு பக்கம் என்று வைத்தால் 128 சந்திப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கீ. மொத்தம் 24 கம்பிகள், ஒரு தட்டையான ரிப்பன் கேபிளாக மதர்போர்டுக்குப் போகின்றன. அங்குள்ள சில்லு ஒவ்வொரு கோட்டுக்கும் மின்சாரம் கொடுத்து, எதிர்ப் பக்கத்தில் எது உயிர்பெறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்துதான் ஒரு முக்கியமான உண்மை வருகிறது: ஒரு கோடு அறுந்தால் அதில் இருக்கும் எல்லாக் கீகளும் ஒன்றாகப் போகும். Q, A, Z, 1, Tab ஐந்தும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன என்றால் ஐந்து கீகள் கெடவில்லை, ஒரு கோடு அறுந்திருக்கிறது. உள்ளே ஓடும் கோடுகள் வெளியே தெரியும் வரிசைகளை ஒட்டியே போகும் என்றில்லை. வளைந்து வளைந்து போகும். ஆகவே தொடர்பே இல்லாத நாலைந்து எழுத்துகள் சேர்ந்து போனாலும் அதே காரணம்தான். ஒவ்வொரு கீயையும் பிடுங்கிச் சுத்தம் செய்வதால் ஒரு பயனும் இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் கொக்கிகள்தான் உடையும்.

## பிரிப்பதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை

வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகுங்கள். அதிலும் அதே எழுத்துகள் விழவில்லை என்றால் கோளாறு விண்டோஸ் அமைப்பில். வெளிக் கீபோர்டு நன்றாக அடித்து, லேப்டாப் கீபோர்டு மட்டும் அடிக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மெம்பிரேனிலோ ரிப்பனிலோ.

விண்டோஸ் பக்கம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது Filter keys. வலது ஷிஃப்டை 8 விநாடி விடாமல் அழுத்தியிருந்தால் இதை இயக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். கவனிக்காமல் சரி கொடுத்துவிடுவோம். அதன் பிறகு சட்டென்று தட்டும் தட்டுகளை விண்டோஸ் கணக்கில் எடுக்காது, அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். கீபோர்டே செத்துவிட்டதாகத் தோன்றும். Settings, Accessibility, Keyboard என்று போய் Filter keys-ஐ அணைத்தால் போதும். தனி எண்பலகை இல்லாத சில பழைய லேப்டாப்களில் U, I, O என்று அடித்தால் 4, 5, 6 என்று விழும். அது Num Lock, கோளாறே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. லேப்டாப்பின் கன்ட்ரோல் கீ உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வெளிக் கீபோர்டிலும் எழுத்து விழாது. S அடித்தால் சேமிக்கும் பெட்டி திறக்கும், P அடித்தால் பிரின்ட். இதைப் பிடிக்க `Win + Ctrl + O` அழுத்தி ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து பாருங்கள். அந்தக் கீ சேர்க்கையே வேலை செய்யவில்லை என்றால் ஸ்டார்ட் மெனுவிலிருந்து மவுஸால் On-Screen Keyboard-ஐத் திறக்கலாம். யாரும் தொடாதபோதும் ஒரு கீ நிறம் மாறியே இருந்தால் ஒட்டியிருப்பது அதுதான்.

இதுவரை: வெளிக் கீபோர்டிலும் கோளாறு இருந்தால் அமைப்பு அல்லது ஒட்டிய கீ; உள் கீபோர்டில் மட்டும் என்றால் கோடு அல்லது ரிப்பன்.

## டீ கொட்டினால் உள்ளே என்ன ஆகிறது?

கீபோர்டு சாவுக்குத் தலையாய காரணம் டீ, காபி. இதில் பலரை ஏமாற்றுவது காலம்தான். கொட்டியதும் துடைத்துவிட்டு அடித்துப் பார்ப்பார்கள், எல்லாம் வேலை செய்யும். மூன்றாம் நாளோ அடுத்த வாரமோ சில எழுத்துகள் போகும். தண்ணீர் ஆவியாகிவிடும், சர்க்கரையும் பாலும் தாள்களுக்கு நடுவே தங்கிவிடும். அந்த ஈரப்பிசுக்கின் ஊடே மின்சாரம் ஓட ஓட வெள்ளிக் கோடு அரித்துக்கொண்டே போய், ஒருநாள் அறுந்துவிடும்.

அறிகுறியை வைத்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். ஒரு கீயைத் தட்டினால் இரண்டு எழுத்து விழுகிறது என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவே பிசுக்கு பாலம் போட்டிருக்கிறது. ஒரே எழுத்து வரிசையாக விழுகிறது என்றால் தாள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. எழுத்தே விழவில்லை என்றால் கோடு அறுந்துவிட்டது. முதல் இரண்டும் சில நேரம் சுத்தம் செய்தால் தேறும். மூன்றாவதற்குக் கீபோர்டை மாற்றுவதுதான் வழி.

கொட்டியவுடன் செய்ய வேண்டியது அணைப்பது. சேமிக்கக்கூட நிற்க வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். லேப்டாப்பை விரித்தபடி கவிழ்த்து, ஒரு துண்டின் மேல் கூடாரம்போல நிறுத்துங்கள். அரிசிக்குள் புதைப்பது உள்ளே இருக்கும் சர்க்கரையை எடுக்காது, துளைகளில் தவிட்டுத் தூசியைத்தான் சேர்க்கும். ஹேர் டிரையரின் சூடு மெம்பிரேன் தாளைச் சுருக்கிவிடும். மின்விசிறிக் காற்றே போதும். கொட்டியது நிறைய என்றால் காயும் வரை காத்திருப்பதைவிட, அன்றைக்கே பிரித்து பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்வது மதர்போர்டைக் காப்பாற்றும்.

ஒன்றும் கொட்டாமல், லேப்டாப் கீழே விழுந்த பிறகோ பிரித்து மூடிய பிறகோ ஒரு கூட்டம் கீகள் போனால் ரிப்பனைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் கனெக்டரில் நகத்தால் தூக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு பூட்டைத் தூக்கி, ரிப்பனை நேராக வெளியே இழுத்து, அதன் முனையை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் கடைசி வரை செருகி, பூட்டை அழுத்த வேண்டும். மருந்துக் கடை 70 சதவீத ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம், இதற்கு வேண்டாம். ரிப்பன் ஒரு மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தாலும் ஓரத்துக் கோடுகள் தொடாது. ஓரக் கோட்டுக் கீகள் மட்டும் செத்துக் கிடக்கும்.

## கீபோர்டு வந்து சேரும் வரை

பல மெல்லிய லேப்டாப்களில் கீபோர்டு மேல்தட்டோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அதை மட்டும் மாற்றுவது பொறுமையான வேலை. சில கடைகள் மேல்தட்டையே சேர்த்து மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்கள் மாடலில் திருகாணியா, உருக்கி ஒட்டியதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். கூலி அதைப் பொறுத்தே மாறும்.

அதுவரை சமாளிக்க, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் PowerToys-இல் Keyboard Manager என்ற பகுதியில், செத்த கீயின் வேலையை நீங்கள் பயன்படுத்தாத இன்னொரு கீக்கு மாற்றிவிடலாம். வலது ஆல்ட் அல்லது Insert இதற்குத் தோது. இந்த மாற்றம் உள்ளே நுழைந்த பிறகுதான் செயல்படும். கடவுச்சொல் கேட்கும் திரையில் செயல்படாது. உங்கள் கடவுச்சொல்லில் அந்த எழுத்து இருந்தால், அந்தத் திரையின் கீழ் வலது மூலையில் இருக்கும் அணுகல் வசதிச் சின்னத்தை அழுத்தி, ஸ்கிரீன் கீபோர்டில் மவுஸால் தட்டிக்கொள்ளலாம்.